முந்திரிப்பழத்தை உண்ணலாமா? உண்ணலாம் என்றால் கடைகளில் ஏன் கிடைப்பதில்லை?

நடைபாதை | 2023 ஏப்ரல் 11

நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் வழியில், சாலையோரம் ஓர் அம்மாள் கூறு கட்டி வைத்திருந்த முந்திரிப்பழங்களை வாங்கினோம். கடித்தவுடன் வாய் நிறையச் சாறு வந்தது, நல்ல இனிப்பாகவும் இருந்தது. ஆனால் இரண்டாவது பழத்தை முடிப்பதற்குள் நாக்கு தடித்துப்போனது போலாகி, தொண்டை காறத் தொடங்கியது. அந்தக் காறல் இரவு வரை நீங்கவில்லை. சட்டையில் சிந்திய சாறு பழுப்புக் கறையாகி எந்தச் சோப்புக்கும் போகவில்லை. இது மாடு தின்கிற பழம், மனிதர் தின்றால் ஆகாது என்று உடன் வந்தவர் சொன்னார். எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்தப் பழம் உண்ணத் தகுந்ததா? உண்ணத் தகுந்தது என்றால், பருப்பு தெருவுக்குத் தெரு விற்கும் சென்னையில் பழத்தை மட்டும் ஏன் ஒரு கடையிலும் பார்க்க முடியவில்லை?

ஆற்காட்டார் | 2023 ஏப்ரல் 11

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். முந்திரியின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருக்கிறது. அது பழத்திலும் இறங்குகிறது. உங்கள் தொண்டை காறியதற்கு அதுவே காரணம். நச்சுள்ள பொருளைக் கடைக்காரர் எப்படி விற்பார்? மஞ்சள் பழத்தில் எண்ணெய் குறைவு, சிவப்பில் அதிகம் என்பதால் சிலர் மஞ்சளை மட்டும் தின்பார்கள்.

செம்மண் | 2023 ஏப்ரல் 12

பண்ருட்டிக்கு அருகில் எங்களுக்கு முந்திரித்தோப்பு இருக்கிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: பழம் உண்ணத் தகுந்ததே. ஆற்காட்டார் சொல்லும் எண்ணெய் உண்மை, ஆனால் அது இருக்கும் இடம் வேறு. கொட்டையின் ஓடு இரண்டு அடுக்காக இருக்கும். அவற்றுக்கு நடுவில் தேன்கூடு போன்ற அறைகளில் அந்த எண்ணெய் நிற்கிறது. பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்த பிள்ளைகளுக்கு உதடு வெந்து, தோல் உரிந்து, வாரக்கணக்கில் தழும்பு கறுத்து நின்றதை எங்கள் ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அது சுடும், எரியும், கொப்புளம் எழுப்பும்.

உங்களுக்கு நேர்ந்தது அதுவன்று. நாக்கு தடித்துப்போனது போலாயிற்று என்றீர்கள், வாயும் இழுத்துக்கொண்டது போல் இருந்திருக்கும். அது துவர்ப்பு. வாழைப்பூவிலும் பிஞ்சு மாதுளையிலும் உள்ள அதே டானின் இதில் நிறைய இருக்கிறது. அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. தொண்டைக் காறலில் டானினுக்கும் பங்குண்டு, தோலை ஒட்டியுள்ள ஒருவித எண்ணெய்ப் பசைக்கும் பங்குண்டு. இவை தொல்லை தருமேயன்றி நஞ்சல்ல. சட்டைக் கறைக்கும் டானினே பொறுப்பு. அதற்காகவே எங்கள் வீட்டில் முந்திரிக்காட்டுக்குப் போவதற்கென்று தனியே ஒரு பழைய சட்டை வைத்திருப்போம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கொட்டையைத் திருகிய இடத்தில் ஓடு கீறப்பட்டிருந்தால் ஒரு துளி எண்ணெய் பழத்தின் அடியில் பட்டிருக்கக்கூடும். ஆகவே கொட்டை இருந்த முனையை விரல் அகலத்துக்கு அரிந்து எறிந்துவிட்டுத் தின்பதே முறை.

மஞ்சள், சிவப்பு என்ற கணக்கு எங்கள் தோப்பில் செல்லாது. தித்திக்கும் சிவப்பு மரமும் உண்டு, ஆடு கூடத் தொடாத மஞ்சள் மரமும் உண்டு. துவர்ப்பு மரத்துக்கு மரம் மாறுகிறது.

கரைநாடன் | 2023 ஏப்ரல் 12

மட்டக்களப்பில் நாங்கள் கஜுப்பழம் என்போம். அரிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிப் பிசறி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத்தான் சாப்பிடுவது. வெறும் பழத்தைக் கடித்தால் எவருக்கும் தொண்டை காறத்தான் செய்யும். உப்பு துவர்ப்பை முறித்துவிடும் என்று அம்மம்மா சொல்லுவா. அங்கேயும் கடைகளில் பெரிதாகக் கண்டதில்லை. காணிக்குள் விழுகிறது, பிள்ளைகள் தின்கிறார்கள், மிச்சம் அழுகுகிறது.

செம்மண் | 2023 ஏப்ரல் 13

உப்புப் போடுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் தூவிய உப்பு துவர்ப்பை முறிப்பதைக் காட்டிலும் மறைக்கிறது என்றே நினைக்கிறேன். உப்பும் காரமும் சேர்ந்தால் எச்சில் நிறைய ஊறுகிறது, அதனால் இழுப்பு தெரிவதில்லை. அரிந்த துண்டுகளை உப்புநீரில் நெடுநேரம் போட்டுவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டினால் உண்மையாகவே குறைகிறது. ஊறுகாய் போடுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. கோயம்பேட்டுக்கு வரும் மாம்பழம் மரத்தில் பழுத்து வருவதில்லை. முற்றிய காயாகப் பறித்து, கல் போல் இருக்கும்போதே லாரியில் ஏற்றி, கிடங்கில் பழுக்க வைக்கிறார்கள். வாழையும் அவ்வாறே, சப்போட்டாவும் அவ்வாறே. தொலைவிலிருந்து வரும் பழ வாணிபத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இயல்பின் மேல்தான் நிற்கிறது. முந்திரிப்பழத்துக்கு அந்த இயல்பு இல்லை. பச்சையாகப் பறித்தால் பச்சையாகவே வாடிச் சுருங்கும், இனிப்பு ஏறாது, துவர்ப்பும் இறங்காது. மரத்திலேயே முழுமையாகப் பழுக்க வேண்டும். பழுத்தவுடன் அதற்கு ஆயுள் ஒரு நாள்.

ஏன் ஒரு நாள் என்பதைக் கையில் வைத்துப் பார்த்தால் விளங்கும். தோல் மெழுகு பூசிய காகிதம் போல மெல்லியது. நகம் பட்டால் கிழியும். உள்ளே நார் கலந்த பஞ்சும் சாறும்தான். ஆரஞ்சுக்கு இருப்பது போன்ற தடித்த தோல் இல்லை, கொய்யாவுக்கு இருப்பது போன்ற கெட்டியான சதையும் இல்லை. மரத்திலிருந்து விழும்போதே ஒரு பக்கம் நசுங்குகிறது. அந்த நசுங்கிய இடத்தில் காலையில் ஈரம் கசியும், நண்பகலில் பழுப்பு படரும், மாலையில் கள் வாடை அடிக்கும். சாறில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை இருக்கிறது. சித்திரை வெயிலில் நுரைப்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆற்காட்டார் | 2023 ஏப்ரல் 13

அப்படியானால் விழும் முன்பே பறிக்க வேண்டியதுதானே என்று கேட்பார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. முன்கூட்டிப் பறித்தால் கொட்டை முற்றாது, பருப்பு சூம்பிவிடும். விவசாயிக்குக் கொட்டைதான் பணம். பழத்துக்காகக் கொட்டையை இழக்க எவரும் முன்வர மாட்டார். பழம் கடைக்கு வராததன் முழுக் காரணம் இதுவே.

அகல் | 2023 ஏப்ரல் 13

என் மகனுக்கு முந்திரிப்பருப்பு ஒவ்வாமை இருக்கிறது. ஒரு முறை கேசரியில் இருந்த பருப்பைத் தின்று முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. பழத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்று ஊரில் உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். இங்கே பழம் நல்லது என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன்: கொடுக்கலாமா?

செம்மண் | 2023 ஏப்ரல் 13, இரவு

அகல்: கொடுக்காதீர்கள். நான் எழுதியது ஒவ்வாமை இல்லாதவர்களுக்கான பேச்சு. பருப்புக்கு முகம் வீங்கிய பிள்ளைக்கு அதே மரத்தின் பழத்தை வீட்டில் வைத்துச் சோதிக்கும் வேலை வேண்டாம். கொட்டையும் ஓடும் ஒட்டியிருந்த பழம் அது. பழக்கப்படுத்துவது என்பது ஒவ்வாமை மருத்துவர் தம் கண் முன்னால், தாமே அளவு குறித்துச் செய்ய வேண்டியது. உறவினரின் யோசனையை மருத்துவரிடமே சொல்லிக் கேளுங்கள்.

செம்மண் | 2023 ஏப்ரல் 14

ஆற்காட்டார் சொன்னதில் பாதி சரி. பச்சையாகப் பறித்தால் கொட்டை சூம்பும் என்பது உண்மை. ஆனால் பழம் நிறம் ஏறிய பிறகு பறித்தால் கொட்டைக்கு எந்தக் கேடும் இல்லை. முந்திரியில் முதலில் வளர்வது கொட்டை. பூ உதிர்ந்த பின் பச்சை நிறத்தில் கொட்டை மட்டும் பெருத்து நிற்கும், அதன் மேலே காம்பு மெலிந்திருக்கும். கொட்டை முழு அளவை அடைந்து, சாம்பல் நிறத்துக்குத் திரும்பி, ஓடு இறுகும் காலத்தில்தான் காம்பு சரசரவென்று ஊதிப் பழமாகிறது. ஆகவே பழம் முழுமையாக நிறம் மாறிவிட்டது என்றால் கொட்டை ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள். ஐயமாக இருந்தால் திருகிய கொட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றியது மூழ்கும், பிஞ்சு மிதக்கும்.

எனவே கொட்டையும் பழமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகையாக இருப்பது கூலி. கொட்டை மட்டும் வேண்டும் என்றால் மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு, விழ விழப் பொறுக்கினால் போதும். இரண்டு நாள் கழித்துப் பொறுக்கினாலும், பழம் அழுகியிருந்தாலும், கொட்டை கெடாது. திருகி எடுத்து வெயிலில் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். பழமும் வேண்டும் என்றால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் போக வேண்டும். ஒரே கொத்தில் ஒன்று பழுத்திருக்கும், மூன்று காயாக இருக்கும், பக்கத்துக் கிளையில் இன்னும் பூவே இருக்கும். உலுக்கக் கூடாது, தொரட்டி போடக் கூடாது, ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும்.

செம்மண் | 2023 ஏப்ரல் 15

நேற்று கூலி என்று ஒரே சொல்லில் முடித்தது போதாது என்று தோன்றுகிறது. நாங்களே ஒருமுறை முயன்று பார்த்தோம். அதை எழுதினால் எந்தெந்த இடத்தில் பிசகுகிறது என்பது தெரியும்.

சென்னையில் பழக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், கொஞ்சம் அனுப்பு, விற்றுப் பார்க்கிறேன் என்றார். விடியற்காலையில் தாழ்ந்த கிளைகளில் மட்டும் கையால் பறித்தோம். கொட்டையைத் திருகினால் அடியில் காயம் பட்டுச் சாறு ஒழுகும் என்பதால் கொட்டையோடு அப்படியே விட்டோம். தக்காளிக்குப் பயன்படும் பிளாஸ்டிக் பெட்டிகளில் வாழைச்சருகு பரப்பி, பழங்களை ஓரடுக்காக வைத்து, அதன்மேல் இன்னொரு சருகு, இன்னோர் அடுக்கு என்று வைத்தோம். மாலைப் பேருந்தில் ஏற்றினோம். மறுநாள் காலை பெட்டியைத் திறந்த உறவினர் தொலைபேசியில் சொன்ன முதல் செய்தி வாடையைப் பற்றியது. கீழடுக்கு முழுவதும் மேலடுக்கின் எடையாலும் பேருந்தின் குலுக்கலாலும் நசுங்கிச் சாறு விட்டிருந்தது. மேலடுக்கில் பழங்கள் முழுதாக இருந்தன, ஆனால் கொட்டையின் கடினமான முனை பக்கத்துப் பழத்தில் குத்திய இடமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். தேறியவற்றைத் தட்டில் அடுக்கி வைத்தாராம். வாங்கியவர்களில் பலர் வேடிக்கைக்கு வாங்கியவர்கள், காறல் கண்டு மறுபடி வரவில்லை. நண்பகலில் மீதியைக் குப்பையில் போட்டுவிட்டார்.

அன்று பறித்த இரண்டு ஆட்களின் கூலியும் பேருந்துக் கட்டணமும் எங்கள் கையைக் கடித்தன. அதே ஆட்கள் அதே நேரத்தில் கொட்டை பொறுக்கியிருந்தால் கூலியை எடுத்தது போக மிச்சமும் நின்றிருக்கும். ஒரு கிலோ கொட்டைக்கு ஏழெட்டுக் கிலோ பழம் வீணாகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் வருந்துவார். தோப்புக்காரரின் கணக்கில் அந்த ஏழெட்டுக் கிலோவைத் தூக்குவதும் செலவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பண்ருட்டியில் உடைபடும் கொட்டையெல்லாம் பண்ருட்டிக் கொட்டையன்று. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பெருமளவில் கப்பலில் வருகிறது. அவற்றின் பழங்கள் அங்கேயே கிடந்துவிடுகின்றன. ஆகவே பருப்பு எவ்வளவு கண்ணில் படுகிறதோ அந்த அளவுக்குப் பழமும் படவேண்டும் என்று நடைபாதை எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

கடலோடி | 2023 ஏப்ரல் 16

கப்பல் வேலையாகப் பிரேசிலின் ஃபோர்த்தலேசா துறைமுகத்துக்குப் போனவன். முந்திரியின் தாயகமே அந்த நாடுதான். அங்கே பல்பொருள் அங்காடியில், குளிர்பெட்டியில், முந்திரிப்பழத்தை நான் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். வெள்ளை நுரைத்தட்டில் கொட்டையோடு சில பழங்களைப் படுக்க வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் இழுத்துச் சுற்றியிருப்பார்கள். பழச்சாறு பெட்டியில் அடைத்து எங்கும் விற்கிறது, தேநீர் போல அன்றாடம் குடிக்கிறார்கள். ஆகவே விற்க முடியாத பழம் என்று முடிவு கட்ட வேண்டாம். பியாவி மாநிலத்தில் கஜுவீனா என்று ஒரு பானம் உண்டு. சாறைத் தெளியவைத்து, புட்டியில் அடைத்து, புட்டியோடு வெந்நீரில் வேகவைப்பார்கள். சர்க்கரை கருகிப் பொன்னிறமாகத் தெளிந்திருக்கும், துவர்ப்பு துளியும் இராது. போதை கிடையாது. அதைத் தயாரிக்கும் மரபை 2014இல் அந்நாட்டு அரசே பண்பாட்டுச் செல்வமாக அறிவித்திருக்கிறது.

செம்மண் | 2023 ஏப்ரல் 16

கடலோடி பார்த்த தட்டின் பின்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அங்கே பழத்துக்கென்றே குட்டை மர வகைகளை வளர்த்தெடுத்தார்கள். தரையில் நின்று கையெட்டிப் பறிக்கலாம். இரண்டு, பறித்த சில மணி நேரத்தில் குளிர் அறை. ஐந்து டிகிரி அளவில், தாள் சுற்றி வைத்தால், ஒரு நாள் ஆயுள் பத்து நாட்களுக்கு மேல் நீள்கிறது. தோப்பு, குளிர் அறை, குளிர் வண்டி, கடையின் குளிர்பெட்டி என்று இடையில் ஒரு கண்ணியும் அறக்கூடாது.

எங்கள் பகுதியில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பழைய மரங்களை வேரோடு சாய்த்தது. பிறகு நட்டவற்றில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுக்கன்றுகள் நிறைய. அவை விதைமரத்தைப் போல ஓங்கி வளராமல் தாழ்ந்து படர்கின்றன. பறிக்கும் தடை அந்த அளவில் குறைந்திருக்கிறது. குளிர்ச் சங்கிலிதான் இல்லை. வருமானம் உறுதியாகாமல் அதில் யார் பணம் போடுவார், அது இல்லாமல் வருமானம் எங்கிருந்து வரும்? இதற்கு என்னிடம் விடை இல்லை.

கொங்கணத்துத் தமிழன் | 2023 ஏப்ரல் 18

கோவாவில் பணி. இங்கே குளிர் அறையும் இல்லை, தட்டும் இல்லை, ஆனால் பழம் வீணாவதும் குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரிந்த ஃபெனி சாராயம்தான். ஆயினும் செய்முறையைப் பார்த்தால் செம்மண் சொல்வது இன்னும் விளங்கும். விழுந்த பழத்தை மட்டுமே பொறுக்குகிறார்கள். பறித்தது ஆகாது என்பது மரபு, ஏனெனில் விழுந்ததுதான் முழுமையாகப் பழுத்தது. மலைச்சரிவில் பாறையிலேயே குடைந்த தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். மிதித்த சக்கையைக் குவித்து, கொடியால் சுற்றி, மேலே பாறாங்கல் ஏற்றி வைத்தால் இரவெல்லாம் சாறு சொட்டும். அந்தத் தெளிந்த சாறு நீரோ. காலையில் புளிக்கும் முன் குடித்துவிட வேண்டும். பருவத்தில் சாலையோரத்தில் விற்பார்கள். மற்றச் சாறு பானையில் புளித்து, ஒருமுறை காய்ச்சினால் உர்ராக், மறுமுறை காய்ச்சினால் ஃபெனி. ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோப்பிலேயே நசுக்கிவிடுவதால் நசுங்கும் கவலை இல்லை, புளிக்க வைப்பதால் புளிக்கும் கவலையும் இல்லை. பழத்தின் இரண்டு குற்றங்களையும் தொழிலாக்கிவிட்டார்கள்.

ஆற்காட்டார் | 2023 ஏப்ரல் 18

இதைத்தான் எங்கள் பக்கத்தில் திருட்டுத்தனமாகச் செய்து காவலர்களிடம் அகப்படுகிறார்கள்.

நடைபாதை | 2023 ஏப்ரல் 19

போதைப் பக்கம் போக வேண்டாம். கடலோடி சொன்ன துவர்ப்பற்ற சாற்றை வீட்டில் செய்ய வழி உண்டா? இந்த வாரம் மறுபடியும் அந்தப் பக்கம் போகிறேன்.

செம்மண் | 2023 ஏப்ரல் 20

உண்டு. கஜுவீனாக்காரர்கள் ஜெலட்டின் சேர்த்துத் தெளியவைக்கிறார்கள். எச்சில் புரதத்தைப் பிடிக்கும் டானின் ஜெலட்டினையும் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். அதே வேலையை நம் வீட்டு ஜவ்வரிசி செய்கிறது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பயிற்சிகளில் சொல்லித்தரும் முறை இது. நாங்கள் பருவந்தோறும் செய்கிறோம்.

அன்று காலையில் கையால் பறித்த, தோல் கிழியாத பழங்களைக் கேட்டு வாங்குங்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, பழத்தைக் கழுவி, இரண்டு முனைகளையும் அரிந்து எறியுங்கள். துண்டுகளைத் துணியில் கட்டிப் பிழியுங்கள். மிக்சியில் போட்டு அரைத்தால் நாரும் தோலும் கூழாகிக் காறல் கூடும். ஒரு லிட்டர் சாறுக்கு ஐந்து கிராம் ஜவ்வரிசி, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அதைப் பொடி செய்து, சிறிது தண்ணீரில் கண்ணாடி போலாகும் வரை காய்ச்சி, நன்றாக ஆறவிட்டுச் சாற்றில் ஊற்றிக் கலக்குங்கள். பின்பு இரவு முழுவதும், பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். வெளியே வைத்தால் நுரைக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெளிறிய தெளிந்த சாறும், அடியில் திரிந்த பால் போன்ற திப்பியும் பிரிந்திருக்கும். மேலாக மட்டும் சாய்த்து எடுங்கள். நாக்கில் வைத்தால் இழுக்கக்கூடாது. இழுத்தால் பாதி அளவு ஜவ்வரிசியுடன் மறுபடி ஒருமுறை.

நடைபாதை | 2023 ஏப்ரல் 25

செய்தேன், பாதி வெற்றி. சாறு கறுத்துப்போய்விட்டது, மை கலந்தது போல் இருக்கிறது. அடியில் திப்பியும் சரியாகப் படியவில்லை, முழுவதும் கலங்கலாக நின்றது. துவர்ப்பு குறைந்திருக்கிறது, ஆனால் தொண்டையில் சிறிது காறல் இன்னும் இருக்கிறது. நேரம் இல்லாததால் ஜவ்வரிசியைப் பொடிக்காமல் முழுதாக வேகவைத்து, சூட்டோடு ஊற்றினேன்.

செம்மண் | 2023 ஏப்ரல் 25

கறுத்ததற்கு அரிவாள்மனைதான் காரணமாக இருக்கும். இரும்பு பட்டால் டானின் கறுத்துவிடும். பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்த அதே வேதியியல். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியும் எஃகுப் பாத்திரமும் பயன்படுத்துங்கள். கலங்கல் நின்றதற்கு நீங்களே காரணம் எழுதிவிட்டீர்கள். முழு ஜவ்வரிசி மணியாகவே நிற்கும், அதன் பசை சாற்றில் பரவாது. சூட்டோடு ஊற்றினால் சாறு வெதுவெதுப்பாகி அடங்காமல் நுரைக்கத் தொடங்கும், அந்த நுரையெழுச்சி படிவதையும் கலைத்துவிடும்.

மீதமுள்ள காறலை ஜவ்வரிசி எடுக்காது. அது தோலின் எண்ணெய்ப் பசையால் வருவது என்று முன்பே எழுதினேன். பிழிவதற்கு முன் பழங்களை இட்லிப் பானையில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்தால் அது பெரிதும் அடங்குகிறது. எனக்கு அந்த வேகவைத்த வாசனை பிடிக்காது என்பதால் நான் வைப்பதில்லை. என் மனைவி வைக்காமல் குடிப்பதில்லை. வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

ஆற்காட்டார் | 2023 ஏப்ரல் 26

ஆவியில் வைத்தால் வைட்டமின் சி போய்விடுமே. அதற்காகத்தானே இந்தப் பழத்தைப் பலரும் புகழ்கிறார்கள்?

செம்மண் | 2023 ஏப்ரல் 26

கொஞ்சம் போகும். ஆனால் ஆரஞ்சைப் போல நான்கைந்து மடங்கு இருக்கிற பழம் இது. போனது போக மிஞ்சுவதே ஆரஞ்சைத் தாண்டும் என்று நினைக்கிறேன்.

கரைநாடன் | 2023 ஏப்ரல் 27

ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். பெரிய தோப்புகளில் மருந்து அடிக்கிறார்கள். கொட்டைக்கு ஓடு இருக்கிறது. பழத்துக்கு என்ன இருக்கிறது?

செம்மண் | 2023 ஏப்ரல் 28

இது நியாயமான கேள்வி. முந்திரியின் பெரும் பகை தேயிலைக் கொசு என்னும் பூச்சி. தளிரிலும் பூங்கொத்திலும் இளங்கொட்டையிலும் குத்திச் சாறுறிஞ்சி, எல்லாவற்றையும் கருகவிடும். அதற்காகத் தளிர் விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என்று மருந்தடிப்பது வழக்கம். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்ததும், அங்குள்ள மக்கள் பட்ட பாடும் நாடறிந்தவை. அந்த மருந்து 2011இல் உச்ச நீதிமன்ற ஆணையால் நின்றது. வேறு மருந்துகள் நிற்கவில்லை.

நியாயமாகப் பிஞ்சுப் பருவத்தோடு தெளிப்பை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் பழம் பருத்துப் பழுப்பதற்குள் இடைவெளி கிடைக்கும். ஆனால் முந்திரி ஒரே நேரத்தில் பூப்பதில்லை என்று முன்பே எழுதினேன். ஒரு கிளையில் பிஞ்சு இருக்கும்போது மறு கிளையில் பழம் தொங்கும். பின்பூவைக் காக்க அடிக்கும் மருந்து முன்பழத்தின் மேலும் விழும். பழத்தை விற்க எண்ணாதவர் அதைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? பழம் சந்தைக்கு வரவேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எங்கள் தோப்பில் தின்பதற்கென்று வீட்டுக்கு அருகில் நான்கு மரங்களை மருந்தடிக்காமல் விட்டிருக்கிறோம். அவற்றில் கொட்டை பாதிதான் தேறுகிறது.

நடைபாதை: அந்த அம்மாளிடம் இனிமேல் வாங்கும்போது, எந்தக் காட்டுப் பழம், கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரிந்துதான் வைத்திருப்பார்கள், ஏனெனில் அவர்களுடைய ஆடுகளும் அதே காட்டில்தான் மேய்கின்றன.

நடைபாதை | 2023 ஏப்ரல் 30

கேட்டேன். வீட்டுக் கொல்லையில் உள்ள ஒரே மரம், மருந்து அடிப்பதில்லை என்றார். எஃகுக் கத்தி, பொடித்த ஜவ்வரிசி, இட்லிப் பானை மூன்றும் இம்முறை பயன்பட்டன. சாறு தெளிந்தது. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் குடித்தோம், காறல் இல்லை. கறை மட்டும் மறுபடியும் பட்டுவிட்டது. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.